நாலு வளையலுக்கு மூன்று மாத வட்டி

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லித் தேடினால் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். பல் செட்டுக்காரர் வீடு என்று கேட்டால் போதும், கை தானாக நீளும். முன்னறை பட்டறை, பின்னால் இரண்டு அறை வீடு. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளுக்கு அவர் பல் செய்து கொடுப்பார். கழற்றி மாட்டும் செட், பொருத்திவிடும் கேப் எல்லாம் அவர் கைவேலை. முப்பது வருஷமாக ஊரார் வாயில் அவர் வேலை இருக்கிறது, ஆனால் அந்த வாய்களில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அச்சு வரும், பல் போகும், அவ்வளவுதான் உறவு.

ஆள் பேச்சுக்கு சிக்கனம். கணக்கில் கெட்டி. பீங்கான் பொடியைக் கிராமில் நூறில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போடுகிறவர், கடையில் மிச்சச் சில்லறையை இரண்டு தடவை எண்ணாமல் நகர மாட்டார். "அவர்கிட்ட ஒரு பைசா ஏமாத்த முடியாதுப்பா" என்று மளிகைக்கடைக்காரரே சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன், பதினொன்று பன்னிரண்டைவிடச் சின்னது என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்ட கதைதான் இது.

முன்பெல்லாம் பட்டறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் மனைவி. அச்சுகளுக்குச் சீட்டு ஒட்டுவது, செய்த பல்லைப் பெட்டியில் வைத்து எந்த டாக்டருக்கு எது என்று பிரிப்பது, பாக்கி கேட்டுப் போன் செய்வது எல்லாம் அந்த அம்மாள் பொறுப்பு. பாக்கி கேட்பதில் கில்லாடி. குரலை உயர்த்தாமலே டாக்டரை நெளிய வைப்பாள். நான்கு வருஷத்துக்கு முன் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பினாள். ஆறு மாசம் என்று சொல்லித்தான் போனாள். குழந்தைக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, பேச்சு வந்தது. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஆறு மாசம் பெருகிப் பெருகி நாலு வருஷமாகிவிட்டது.

கிளம்பிய அன்று அவள் சோப்பு நுரையைக் கையில் தேய்த்து, நாலு வளையலையும் ஒவ்வொன்றாக உருவினாள். கல்யாணமாகி எட்டாம் வருஷம் வாங்கியவை, ஒவ்வொன்றும் ஒரு பவுன். "பச்சைக் குழந்தையத் தூக்கறப்ப இது கீறும். பத்திரமா வைங்க, வந்ததும் போட்டுக்கறேன்" என்று ஒரு பல் பெட்டியில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். பூட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதற்கு ஒரு சாக்கு.

வாரத்துக்கு இரண்டு தடவை போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கரண்டு பில் கட்டியாச்சா. பாப்பாவிடம் போனைக் கொடுப்பாள், பாப்பா ஏதாவது சொல்லிவிட்டு ஓடிவிடும். எப்ப வர்றே என்று முதல் இரண்டு வருஷம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போவதைக் கவனித்தார். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காத வரைக்கும் வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை அல்லவா, அதில் ஒரு நிம்மதி. வளையல் பெட்டியில் இருக்கிற வரைக்கும் ஆள் வெளியே போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு திங்கட்கிழமை காலை பீங்கான் உலை மண்டையைப் போட்டது. உள்ளே ஆறு கேப் வெந்துகொண்டிருந்தன. தொள்ளாயிரம் டிகிரிக்குப் போக வேண்டிய சூடு அறுநூறில் நின்று, ஒரு நெடி அடித்து, திரை இருண்டுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே சுருள் கம்பி அறுந்து கருகிக் கிடந்தது. பதினாறு வருஷம் உழைத்த யந்திரம். பழுது பார்க்கிறவர் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"சார், இதுக்கு பார்ட்ஸ் செய்யறதையே நிறுத்திட்டாங்க. எங்கிட்ட ஒண்ணு இருக்கு, பழசுதான், ஆனா எல்லாம் மாத்திப் புதுசு மாதிரி பண்ணி வெச்சிருக்கேன். ஒன்றரை லட்சம். முழுப் பணம் குடுத்தா ரெண்டு நாள்ல கொண்டாந்து மாட்டித் தர்றேன்."

"தவணை?"

"எனக்கே தவணையில ஓடுது சார்."

அவர் வருமானத்தில் முக்கால் பங்கு அந்த உலையிலிருந்து வருவது. வேலை ஒரு வாரம் நின்றால் டாக்டர்கள் வேறு பட்டறைக்கு அச்சை அனுப்பத் தொடங்குவார்கள், அனுப்பினால் திரும்பி வர மாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் புதிதாக வாடிக்கை பிடிக்க அவருக்குத் தெம்பு இல்லை. அதிகம் வேலை அனுப்பும் பெரிய டாக்டர் ஒருவரிடம் இருந்து வர வேண்டிய பாக்கியே ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் இருந்தது, ஆனால் அவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் கணக்குத் தீர்ப்பார். அடுத்த கணக்குக்கு இன்னும் மூன்று மாதம். கிளினிக்குக்குப் போன் செய்து முன்பணம் கேட்டார். "டாக்டர் நடுவுல தர்றதில்லீங்களே" என்று அங்கிருந்த பெண் சொன்னதும் சரிம்மா என்று வைத்துவிட்டார். மனைவி இருந்திருந்தால் அந்த இடத்தில்தான் பேச்சையே தொடங்கியிருப்பாள்.

ஆக, ஒன்றரை லட்சம், மூன்று மாதத்துக்கு. யாரிடம் கேட்பது?

பெட்டியில் நாலு பவுன் தங்கம் இருக்கிறது. தெருமுனையில் நகைக்கடன் கொடுக்கும் கிளை இருக்கிறது. சின்னக் குழந்தைகூடப் போட்டுவிடும் இந்தக் கணக்கை. ஆனால் வளையல் அவளுடையது. அவளைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். உடனே, எப்போதோ வீட்டில் வந்து விழுந்த பழைய விளம்பரத் துண்டுச்சீட்டு ஒன்றைத் தேடி எடுத்தார். தனிநபர் கடன், வருஷத்துக்குப் பதினொரு சதவீதம், அடமானம் தேவையில்லை. நகைக்கடன் கிளை வாசல் பலகையில் பன்னிரண்டு என்று போட்டிருந்தது அவர் நினைவுக்கு வந்தது. பதினொன்று சின்னது. முடிந்தது விஷயம் என்று சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார்.

மறுநாளே லோன்காரர் வந்துவிட்டார். நாற்பது வயது, தோளில் பை, வாயில் தேன். மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு வருஷத்தில் அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். பல் செட்டுக்காரருக்கு அது பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவருக்கே தெரியவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

"ரெண்டு வருஷத் தவணை சார், மாசம் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். உங்க வருமானத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுப்பாங்க. ரெண்டு பேர் நம்பர் மட்டும் வேணும். உங்களைத் தெரிஞ்சவங்க, கூட இருக்கறவங்களா இருக்கக் கூடாது."

"கூட யாரும் இல்ல."

"அப்ப இன்னும் வசதி. யார் பேர் போடட்டும்?"

அவர் யோசித்தார். லோன்காரர் டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார். இவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிளினிக்கில் போன் எடுக்கும் பெண்ணின் எண்ணையும், உலை விற்கிறவரின் எண்ணையும் கொடுத்தார். முப்பது வருஷம் ஒரே தெருவில் இருந்த மனுஷனுக்கு இந்த இரண்டு எண்தான் கிடைத்தன. அதைச் சொல்லும்போது அவர் காது மடல் சிவந்திருந்தது.

"கையில எவ்வளவு வரும்?" என்று பேச்சை மாற்றினார்.

"அதுல சார், பிராசஸிங் சார்ஜ் ரெண்டு பர்சென்ட் பிடிச்சுப்பாங்க. மூவாயிரம். அதுக்கு வரி ஐந்நூத்தி நாப்பது. அப்புறம் இன்ஷூரன்ஸ் ஆயிரத்து எண்ணூறு."

கணக்குக்காரர் விழித்துக்கொண்டார். ஒரு ஆர்டர் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதினார். "அப்ப ஒன்றரை லட்சம் வாங்கினா ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரத்து அறுநூத்தி அறுபதுதான் கைக்கு வரும். உலைக்காரருக்கு இது பத்தாது."

"கூடக் கொஞ்சம் சேத்து வாங்கிக்கலாம் சார்."

"மூணு மாசத்துல எனக்குப் பணம் வந்துரும். அப்ப மொத்தமாக் கட்டி முடிச்சுக்கலாமா?"

லோன்காரர் பையின் வாரைச் சரி பண்ணினார். "ஆறு தவணை கட்டினப்புறம்தான் முன்கூட்டி முடிக்க விடுவாங்க சார். முடிக்கறப்ப மீதி இருக்கற அசல்ல நாலு பர்சென்ட் எடுப்பாங்க. அதுக்கும் வரி உண்டு."

இவர் பேனா நிற்கவில்லை. ஆறு தவணையில் வட்டியாகப் போவது ஏழாயிரத்து நானூற்றுச் சொச்சம். ஆறு மாதம் கழித்து மீதி அசல் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு, அதில் நாலு சதவீதமும் வரியும் ஐயாயிரத்து நானூற்று ஐம்பது. ஆரம்பத்தில் பிடித்துக்கொண்டது ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது. கூட்டினால் பதினெட்டாயிரத்தைத் தாண்டி நின்றது. மூன்று மாதத் தேவைக்குப் பதினெட்டாயிரம்! பதினொன்று என்று ஒய்யாரமாக நின்ற எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு பேர் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

லோன்காரர் சீட்டை எட்டிப் பார்த்தார். வாசலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "சார், எங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்க. வீட்டுல தங்கம் ஏதாவது இருக்கா?"

இவர் கண் பின்னறைப் பக்கம் போய் வந்தது.

"இருந்தா அதை வெச்சு வாங்குங்க. ரெண்டு மூணு வருஷம் நிதானமாக் கட்டறவங்களுக்கு எங்க கடன் சரி. மூணு மாசத்துக்கு வாங்கறவங்களுக்கு இது ஆகாது. அங்க ஒரு பர்சென்ட் கூடன்னு பாக்காதீங்க. எத்தனை நாள் வெச்சிருக்கீங்களோ அத்தனை நாளைக்குத்தான் வட்டி, எப்ப வேணா மீட்டுக்கலாம். எனக்கு ஒரு கமிஷன் போச்சு, பரவால்ல, டீ நல்லா இருந்துச்சு."

அவர் போன பிறகு பல் செட்டுக்காரர் சீட்டின் மிச்ச இடத்தில் நகைக்கடனுக்கும் கணக்குப் போட்டார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு, மூன்று மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு. மதிப்பீட்டுக் கட்டணம் வரியோடு நானூற்று ஐம்பது என்று வாசல் பலகையிலேயே போட்டிருந்தார்கள். மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. பதினெட்டாயிரம் எங்கே, இது எங்கே. இந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டைப் பார்த்த நிமிஷமே அவரால் போட்டிருக்க முடியும். போட விரும்பவில்லை, அதுதான் உண்மை. போன் பேசுவதற்குப் பயந்துகொண்டு பதிமூவாயிரத்தைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தார்.

மறுநாள் பெட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கையால் பொத்தியபடியே கிளைக்குப் போனார். கிளம்புவதற்கு முன் தன் தராசில் நிறுத்துப் பார்த்திருந்தார். முப்பத்தொன்று புள்ளி ஆறு கிராம். வாங்கும்போது முப்பத்திரண்டு. அவள் பாத்திரமும் துணியும் தேய்த்துத் தேய்த்து நானூறு மில்லி கிராம் கரைந்துவிட்டது.

கிளையில் மதிப்பீட்டாளர் வளையலைக் கல்லில் உரசிப் பார்த்தார், தண்ணீரில் போட்டு எடை பார்த்தார், பூதக்கண்ணாடியில் பற்றவைத்த இடத்தைப் பார்த்தார். பல் செட்டுக்காரர் அவர் கைகளையே கவனித்துக்கொண்டு நின்றார். ஒரு வேலைக்காரருக்கு இன்னொரு வேலைக்காரரின் கையைப் பார்த்தால் தெரியும், ஆள் ஒழுங்கானவர்.

"நல்லா புழங்கின நகை" என்றார் மதிப்பீட்டாளர். "இருபத்திரண்டு கேரட்டு. பத்தவெச்ச இடத்துக்கு நானூறு மில்லி கழிச்சா முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு நிக்குது."

கடன் அதிகாரியம்மா கணினியில் தட்டினார். "கிராமுக்கு ஐயாயிரம் தருவோம் சார். ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் வரைக்கும் வாங்கலாம்."

"ஒன்றரை போதும்."

"மாசாமாசம் வட்டியக் கட்டிடுங்க. விட்டுட்டீங்கன்னா மாசம் ஒரு பர்சென்ட்ங்கறது ஒன்றரை ஆயிடும். பிராசஸிங் சார்ஜ் கிடையாது." சொல்லிக்கொண்டே படிவத்தைத் திருப்பினார். "நகை உங்களோடதுதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் மாட்டிக்கொண்டார். "வீட்டம்மாவோடது. வெளிநாட்டுல இருக்காங்க."

"அப்ப அவங்க சம்மதத்தோட வைக்கறேன்னு உறுதிமொழி எழுதணும் சார். கேட்டுட்டீங்கல்ல?"

அவர் விழித்தார். அதிகாரியம்மாவுக்கு அனுபவம் உண்டு. "அந்த ஓரத்துல உக்காந்து ஒரு போன் போட்டுட்டு வந்துடுங்க. நகை இங்கேயே உங்க கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார்.

இங்கே பகல் பன்னிரண்டரை, அங்கே காலை ஏழு. போனை எடுத்ததும் மனைவி பதறினாள். "என்னங்க, இந்நேரத்துல? உடம்புக்கு ஏதாவது?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. உலை போயிடுச்சு." உலை, உலைக்காரர், பெரிய டாக்டர் பாக்கி என்று எல்லாவற்றையும் சொல்லி, தனிநபர் கடன் கணக்கையும் ஒப்பித்தார். கணக்குப் பேசுகிறவரைக்கும் குரல் நன்றாகத்தான் இருந்தது. "அதான், உன் வளையலை மூணு மாசத்துக்கு வைக்கலாமான்னு..."

"இதுக்கா இவ்வளவு தயங்கறீங்க? வட்டி எவ்வளவு?"

"மாசம் ஆயிரத்து ஐந்நூறு."

"எதுக்கு வட்டி கட்டணும்? வித்துடுங்க. தங்கம் ஏறிக் கெடக்கு, உலை வாங்கினது போக மிச்சமும் வரும்."

அவர் எதிர்ப்பக்கம் மேசை மேல் தெரிந்த நாலு வளையலைப் பார்த்தார். "நீ வந்தா போட்டுக்க வேணாமா?"

அந்தப் பக்கம் ஒரு குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "பாப்பாவ இப்பதாங்க ஸ்கூல்ல சேத்திருக்கு. காலைல கூட்டிட்டுப் போக, சாயங்காலம் கூட்டிட்டு வரன்னு எனக்கு இங்கயே சரியா இருக்கு. அது பெட்டியில சும்மா கெடந்து என்னத்துக்கு ஆகப்போகுது? வித்துடுங்க. சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கணக்கு என்று பார்த்தால் அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. இனி தேவைப்படாத பொருளுக்கு வட்டி கட்டி மீட்பது முட்டாள்தனம். அந்த "இனி தேவைப்படாத" என்பதுதான் அவர் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷமாகக் கேட்காமல் தள்ளிப்போட்ட கேள்விக்குக் கேட்காமலே பதில் வந்துவிட்டது. சுற்றிலும் ஆட்கள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அவருக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. எழுந்து மேசைக்கு வந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"சரின்னாங்க" என்றார். அந்தச் சம்மதத்தில் பாதிதான் உண்மை. "மூணு மாசம் போட்டுக்குங்க. மீட்டுருவேன்." உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். வளையலை உறையில் போட்டு, எடை எழுதி, முத்திரை ஒட்டி உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் பணம் கணக்குக்கு வந்தது.

உலை வந்தது, வேலை ஓடியது. டாக்டர்கள் யாரும் கைவிட்டுப் போகவில்லை. மாதாமாதம் அதே தேதியில் கிளைக்கு நேரில் போய் ஆயிரத்து ஐந்நூறு கட்டினார். "சார், போன்லயே கட்டலாமே, எதுக்கு அலையறீங்க?" என்று அதிகாரியம்மா கேட்டார். "பக்கத்துலதானே" என்றார். கட்டிவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார். பெட்டகம் இருக்கும் அறைக் கதவு அங்கிருந்து தெரியும். வீட்டில் அலமாரியைத் திறந்தால் சட்டைகளுக்கு அடியில் வெறும் இடம். அந்த மூன்று மாதமும் அவர் சட்டைகளை நாற்காலி மேல்தான் போட்டு வைத்தார்.

போனில் மனைவி வளையலைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விற்றாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள் என்று விட்டுவிட்டார். வட்டி கட்டுகிறேன் என்று சொன்னால், நீ வருவாய் என்று காத்திருக்கிறேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பெரிய டாக்டர் சொன்ன தேதிக்குக் கணக்குத் தீர்த்தார். அன்றைக்கே இவர் கிளைக்குப் போய் ஒன்றரை லட்சத்தையும் கடைசி மாத வட்டியையும் கட்டி, அடகு ரசீதைக் கொடுத்தார். உறையை அவர் கண்முன் பிரித்து, நிறுத்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். முப்பத்தொன்று புள்ளி ஆறு. வீட்டுக்கு வந்து மேசையில் வரிசையாக வைத்தார். மீட்டாயிற்று, சரி, யாருக்காக மீட்டோம் என்று நினைத்தபோது, பட்டறை முழுக்க ஆள் இல்லாத அமைதி ஒரேயடியாக அவரைச் சூழ்ந்துகொண்டது. தண்டச் செலவுதான், அவள் சொன்னது சரி என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் போன் வந்தது. சாப்பாடு, மாத்திரை, கரண்டு பில் எல்லாம் முடிந்தது. வைக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் வைக்கவில்லை.

"என்னங்க, அந்த வளையல்..."

"ம்."

"வித்துட்டீங்களா?"

"வித்துட்டேன்" என்றார். அதுதான் சுலபம் என்று பட்டது.

 லைன் போய்விட்டதோ என்று அவர் திரையைப் பார்த்தார். போகவில்லை.

"நாலையுமா?" என்றாள்.

அந்தக் குரலை அவர் முன்னால் கேட்டதே இல்லை. டாக்டர்களை நெளிய வைக்கிற குரல் இல்லை, மாத்திரை கேட்கிற குரல் இல்லை. வித்துடுங்க என்று சொன்னவளே ஒன்றையாவது மிச்சம் வைத்திருப்பார் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்கப் பயந்து கேட்காமல் இருந்திருக்கிறாள். பயப்படுகிறவர் இந்த வீட்டில் தான் ஒருவர்தான் என்று இவ்வளவு நாள் அவர் நினைத்திருந்தார்.

"இல்ல. பொய் சொன்னேன்" என்றார். "விக்கல. அடகுதான் வெச்சேன். இன்னிக்குத்தான் மீட்டேன். இதோ, மேசை மேல இருக்கு, நாலும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "வட்டி எவ்வளவு ஆச்சு?"

"எல்லாம் சேத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது."

"தண்டம்" என்றாள் அழுதுகொண்டே. "கணக்குல புலின்னு பேரு."

அவருக்கு எப்ப வர்றே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டால் பாப்பா, ஸ்கூல், மகள் வேலை என்று எல்லாம் வரிசையாக வரும், எல்லாம் நியாயமாகவும் இருக்கும். கேட்கவில்லை.

"இனிமே எந்த உலை போனாலும் அதைத் தொடாதீங்க" என்றாள். "இருக்கட்டும்."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். போனை வைத்த பிறகு அவர் அதே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்து அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப எடை போட்டுப் பார்த்தார். அதற்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கொடுத்திருக்கிறார். வாங்கிய விலை அதிகம் என்று அவருக்குத் தோன்றவில்லை.